கேள்வி காதைத் துளைக்கிறது, பதில் கேட்கவில்லை: ஒரே மைக்கில் பதிவான பேட்டியைச் சமன் செய்வது

மேசையில் ஒரே ஒரு மைக். பேட்டி எடுப்பவர் அதற்கு 20 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். விருந்தினர் நாற்காலியில் சாய்ந்தபடி 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறார். பதிவைக் கணினியில் திறந்தால் கேள்விகள் மலையாகவும் பதில்கள் மணல்மேடாகவும் தெரிகின்றன. உடனே எல்லோரும் தேடுவது, உரத்த ஒலியைத் தானாக அழுத்தும் கம்ப்ரஸரைத்தான். போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று சரியாகிறது, வேறு இரண்டு கெடுகின்றன. என்ன கெட்டது என்று காதால் அடையாளம் கண்டுகொண்டால் எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் சிக்கலின் அளவைத் தெரிந்துகொள்வோம். வாயிலிருந்து மைக்குக்கு நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. 20 சென்டிமீட்டரிலிருந்து 80 என்பது இரண்டு இரட்டிப்பு, ஆகவே 12 டெசிபல். அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மட்டும் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் மைக்கை அடைகிறது. அது விருந்தினர் குரலோடு சேர்ந்துகொள்வதால் மீட்டரில் வித்தியாசம் 12-ஐ விடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். இந்த ஒரு விஷயம் பின்னால் மறுபடி வரும், நினைவில் இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை கொண்டுபோகிறேன். பேட்டியாளரின் சராசரி உரப்பு −18, விருந்தினரின் சராசரி −29, யாரும் பேசாதபோது அறை இரைச்சல் −64. உங்கள் பதிவில் இந்த மூன்று எண்களும் வேறாக இருக்கும், ஆனால் எடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் மட்டுமே பேசும் இருபது விநாடித் துண்டைத் தேர்ந்தெடுத்து காது உணரும் உரப்பை LUFS என்ற அலகில் காட்டும் மீட்டரில் அளந்தால் போதும். மீட்டர் கைவசம் இல்லையென்றால் ffmpeg அளந்து தரும். 125-ஆவது விநாடியிலிருந்து 20 விநாடி அளக்க:

```
ffmpeg -ss 125 -t 20 -i interview.wav -af ebur128 -f null -
```

கடைசியில் வரும் Summary பகுதியில் `I:` என்ற வரியில் இருப்பதுதான் அந்தத் துண்டின் சராசரி உரப்பு. இருவருக்கும் தனித்தனியாக ஓட்டுங்கள். அறை இரைச்சலுக்கு இது வேண்டாம். யாரும் பேசாத இடத்தில் எடிட்டரின் சாதாரண மீட்டர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அறிகுறி: மொத்தக் கோப்பின் உரப்பு சரியாக இருக்கிறது, விருந்தினர் மட்டும் கேட்கவில்லை

கோப்பை அப்படியே நார்மலைஸ் செய்தவர்களுக்கு இது வரும். மீட்டர் −16 என்று காட்டும், ஆனால் பேருந்தில் ஹெட்போனில் கேட்பவருக்கு ஒரு பதிலும் புரியாது.

காரணம் அளவீட்டு முறையிலேயே இருக்கிறது. LUFS சராசரி எடுக்கும்போது நிசப்தம் கணக்கைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக, முதற்கட்டச் சராசரியை விட 10 அலகு கீழே இருக்கும் பகுதிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். பேட்டியாளர் −18-இல் பாதி நேரம் பேசியிருந்தால் முதற்கட்டச் சராசரி −21 பக்கம் வரும், வெட்டும் கோடு −31-இல் விழும். சராசரியாக −29-இல் பேசும் விருந்தினர் குரலைத் தாழ்த்தும் இடமெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்க் கணக்கிலிருந்து விழுந்துவிடும். மீட்டர் உங்களுக்குச் சொல்வது பெரும்பாலும் பேட்டியாளரின் உரப்பை. எனவே மொத்தக் கோப்பின் எண்ணை வேலையின் கடைசியில் மட்டும் பாருங்கள். அதுவரை இருவரையும் தனித்தனியாக அளப்பதுதான் ஒரே வழி.

அறிகுறி: கம்ப்ரஸர் போட்ட பின் இடைவெளிகளில் அறை இரைச்சல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது

இதைத்தான் பம்பிங் என்பார்கள். பேட்டியாளர் கேள்வியை முடித்ததும் மின்விசிறிச் சத்தம் மெல்ல எழும்பும், அவர் மறுபடி வாயைத் திறந்ததும் அமுங்கும். ஒரே ட்ராக்கில் ஒரே கம்ப்ரஸரை வைத்து முழு வித்தியாசத்தையும் அடைக்கப் பார்த்தால் இது கட்டாயம் வரும். ஏனென்று எண்ணோடு பாருங்கள்.

அழுத்தம் தொடங்கும் கோடான த்ரெஷோல்டை −30-இல் வைத்து, கோட்டைத் தாண்டுவதை எத்தனையில் ஒரு பங்காக்குவது என்று சொல்லும் ரேஷியோவை 4:1 ஆக்குகிறோம் என்று கொள்வோம். பேட்டியாளர் கோட்டுக்கு 12 டெசிபல் மேலே இருக்கிறார். அது நான்கில் ஒரு பங்காகி 3 ஆகும், அதாவது அவர் −27-க்கு இறங்குகிறார். விருந்தினர் கோட்டுக்கு 1 டெசிபல்தான் மேலே, அது கால் டெசிபல் ஆகி −29.75. பதினொன்றாக இருந்த வித்தியாசம் மூன்றுக்குள் வந்துவிட்டது. தாளில் வெற்றி. (கம்ப்ரஸர் அளக்கும் விதமும் LUFS அளக்கும் விதமும் ஒன்றல்ல. இங்கே முக்கியம் விகிதம்தான், எண்ணை அப்படியே குமிழில் வைக்க வேண்டாம்.)

ஆனால் இப்போது எல்லாமே சன்னமாக இருக்கிறது, மேக்கப் கெயின் 12 டெசிபல் ஏற்ற வேண்டும். இரைச்சல் −64-இலிருந்து −52-க்கு வருகிறது. பேட்டியாளர் பேசும்போது கம்ப்ரஸர் 9 டெசிபல் அழுத்திப் பிடிப்பதால் அதே இரைச்சல் −61-இல் கிடக்கும். அவர் நிறுத்தினால் −52-க்கு எழும்பும். ஒவ்வொரு கேள்விக்கும் 9 டெசிபல் ஊஞ்சல். அழுத்திய கையை எவ்வளவு வேகமாக எடுப்பது என்று சொல்லும் ரிலீஸ் குமிழைத் திருப்பி இதைத் தீர்க்க முடியாது. வேகமாக வைத்தால் ஊஞ்சல் வேகமாக ஆடும், மெதுவாக வைத்தால் மெதுவாக ஆடும், அவ்வளவுதான்.

கம்ப்ரஸருக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரியாது, எவ்வளவு உரக்க என்று மட்டுமே தெரியும். பேட்டியாளர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வியும் விருந்தினர் உற்சாகமாகச் சொல்லும் பதிலும் அதற்கு ஒன்றுதான். தூரத்தால் வந்த வித்தியாசம் பேட்டி முழுக்க ஏறக்குறைய மாறாமல் நிற்கும் ஒன்று. அதை ஒரு நிலையான கெயினால் அடைக்க வேண்டும். பேச்சுக்குள்ளேயே ஏறி இறங்கும் வித்தியாசம் வேறு, அதுதான் கம்ப்ரஸரின் வேலை. இரண்டையும் ஒரே கருவியின் தலையில் கட்டுவதால்தான் மேலே சொன்ன ஊஞ்சல் வருகிறது.

ஆகவே ட்ராக்கைப் பிரியுங்கள். ஒரு மைக் பதிவாக இருந்தாலும் எடிட்டரில் இரண்டு ட்ராக் உருவாக்கி, பேட்டியாளர் பேசும் துண்டுகளை ஒன்றிலும் விருந்தினர் துண்டுகளை இன்னொன்றிலும், நேரம் நகராமல் வையுங்கள். ஒரு மணி நேரப் பேட்டிக்கு இது பொறுமையைக் கேட்கும் வேலை, ஆனால் இதைச் செய்தவர்களுக்குக் கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் வராது. இருவர் பேச்சுக்கும் நடுவே உள்ள மௌனத்தில் வெட்டுங்கள், சொல்லின் வால் அறுபடக் கூடாது. ஒவ்வொரு வெட்டிலும் 30 முதல் 80 மில்லிசெகண்ட் வரை கிராஸ்ஃபேட் கொடுங்கள்.

பிறகு விருந்தினர் ட்ராக்குக்கு 9 டெசிபல் ஏற்றுங்கள். −29 இப்போது −20 ஆகிவிட்டது. முழு 11-ஐயும் ஏற்றாததற்குக் காரணம் உண்டு, எதிரொலி பற்றிச் சொல்லும்போது வருகிறேன். அடுத்து ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனிக் கம்ப்ரஸர், உரத்த வாக்கியங்களில் 3 அல்லது 4 டெசிபல் அழுத்தும் அளவுக்கு. பேட்டியாளருக்கு 3:1, விருந்தினருக்கு 2:1 போதும். ஒவ்வொன்றிலும் 3 டெசிபல் மேக்கப் கொடுத்து, மறுபடி அளந்து −18, −20 என்று நிறுத்துங்கள்.

கடைசியில் இரண்டும் சேரும் இடத்தில் இன்னொரு மெல்லிய கம்ப்ரஸர்: த்ரெஷோல்டு −22, ரேஷியோ 2:1. பேட்டியாளர் கோட்டுக்கு 4 மேலே, அது 2 ஆகி −20. விருந்தினர் 2 மேலே, அது 1 ஆகி −21. மீதி வித்தியாசம் ஒரு டெசிபல். கேட்பவர் கை வால்யூமுக்குப் போகாது. எந்தக் கம்ப்ரஸரும் 4 டெசிபலுக்கு மேல் உழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறி: ஏறி இறங்குவது நின்றுவிட்டது, ஆனால் பேச்சு மாறும்போதெல்லாம் இரைச்சல் 'டக்'கென்று மாறுகிறது

ட்ராக் பிரித்த பின் மிஞ்சும் பிரச்சினை இது. விருந்தினர் துண்டுகளுக்கு 9 டெசிபல் கூடுதலாக ஏற்றினோம். அவர் துண்டுகளில் இரைச்சல் −52, பேட்டியாளர் துண்டுகளில் −61. இரைச்சல் அளவு கம்ப்ரஸர் மட்டும் போட்டபோது இருந்ததேதான், ஆனால் இப்போது மாறுவது ஆள் மாறும் இடத்தில் மட்டும்.

நான் முதலில் செய்வது விருந்தினர் ட்ராக்கில் மட்டும், கெயின் ஏற்றுவதற்கு முன், 6 டெசிபல் அளவுக்கு இரைச்சல் நீக்கம். ஆறுதான், அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இதனால் இரைச்சல் வித்தியாசம் 9-லிருந்து 3-ஆகக் குறைகிறது. மீதிக்கு ரூம் டோன். பதிவின் ஆரம்பத்திலோ கடைசியிலோ யாரும் பேசாத பத்து விநாடியை எடுத்து, மூன்றாவது ட்ராக்கில் பேட்டியாளர் துண்டுகளுக்கு அடியில் −61 அளவில் விரித்துவிடுங்கள், அங்கே இருக்கும் −61-ஓடு சேர்ந்து −58 ஆகிவிடும். இரைச்சலைக் கூட்டுவதா என்று தயக்கம் வரலாம். மாறாத இரைச்சலைக் காது சில விநாடிகளில் மறந்துவிடும், மாறுகிற இரைச்சலை ஒருபோதும் மறக்காது.

அறிகுறி: கேள்வி முடிந்ததும் வரும் பதிலின் முதல் சொல் விழுங்கப்படுகிறது

"ஆமா, அது வந்து" என்று தொடங்கும் பதிலில் 'ஆமா' அமுங்கிப்போய், மூன்றாவது சொல்லிலிருந்துதான் குரல் நிமிர்கிறது. ஒற்றை ட்ராக்கில் ரிலீஸ் நீளமாக இருப்பதன் தெளிவான அடையாளம். பேட்டியாளர் குரலுக்காக அழுத்திய கையைக் கம்ப்ரஸர் இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் விருந்தினர் ஆரம்பித்துவிட்டார்.

கெயின் ரிடக்ஷன் மீட்டரைப் பாருங்கள். கேள்வியின் கடைசி எழுத்துக்கும் பதிலின் முதல் எழுத்துக்கும் நடுவே முள் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ரிலீஸை 600, 800 என்று இருந்தால் 150 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவாருங்கள். 60, 50 என்று இன்னும் குறைத்துக்கொண்டே போகாதீர்கள், ஒவ்வொரு அசைக்கும் இரைச்சல் படபடக்க ஆரம்பிக்கும். ட்ராக் பிரித்தவர்களுக்குத் தனிக் கம்ப்ரஸர்களில் இந்தப் பிரச்சினையே இல்லை, பேட்டியாளர் குரல் விருந்தினரின் கம்ப்ரஸருக்குள் போவதில்லை. கடைசிக் கம்ப்ரஸர் 2 டெசிபல் மட்டுமே அழுத்துவதால் அங்கே 200 மில்லிசெகண்ட் வைத்தாலும் யாருக்கும் தெரியாது.

அறிகுறி: பதிலுக்கு நடுவே "ம்ம்" என்ற ஒலி மட்டும் பூதாகரமாகக் கேட்கிறது

இது ட்ராக் பிரித்தவர்களுக்கு மட்டுமே வரும் வினை. விருந்தினர் பேசும்போது பேட்டியாளர் ஆமோதித்து "ம்ம்", "சரி சரி" என்கிறார். அந்த ஒலி விருந்தினர் துண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு ஏற்றிய 9 டெசிபல் இதற்கும் ஏறிவிட்டது. −24-இல் இருந்த ஒரு மெல்லிய "ம்ம்" இப்போது −15. மொத்தப் பேட்டியிலும் அதுதான் உரத்த ஒலி. அதோடு நிற்பதில்லை. விருந்தினரின் கம்ப்ரஸர் அதற்குப் பயந்து அழுத்த, அடுத்து வரும் அவருடைய சொல்லும் சேர்ந்து தாழ்கிறது. 'விருந்தினர் குரல் நடுநடுவே காரணமில்லாமல் குழிகிறது' என்று தோன்றும் இடங்களில் முக்கால்வாசி இதனால்தான்.

விருந்தினர் மூச்சு வாங்கும் இடைவெளியில் "ம்ம்" வந்திருந்தால் எளிது. அந்தத் துண்டை வெட்டிப் பேட்டியாளர் ட்ராக்குக்கு மாற்றி, அங்கேயும் 4, 5 டெசிபல் குறைத்துவிடுங்கள். பேட்டிக்கு அது தேவையில்லை என்றால் ரூம் டோன் வைத்து மூடிவிடலாம். எல்லாவற்றையும் நீக்கிவிட மட்டும் வேண்டாம், எதிரே கேட்கிற ஆள் இல்லாதது போல ஆகிவிடும்.

விருந்தினர் சொல்லின் மேலேயே விழுந்த "ம்ம்"-ஐப் பிரிக்க வழி இல்லை. வால்யூம் என்வலப்பை அந்த இடத்தில் 3 முதல் 5 டெசிபல் வரை குழித்து, இரு பக்கமும் சரிவாக விடுங்கள். இது கம்ப்ரஸருக்கு முன் நடக்க வேண்டும். பின்னால் குழித்தால் அழுத்தம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டிருக்கும். இருவரும் சேர்ந்து சிரிக்கும் இடங்களுக்கும் இதுவே வழி: தனித் துண்டாக வெட்டி, 9-க்குப் பதில் 4 டெசிபல் மட்டும் ஏற்றுங்கள்.

அறிகுறி: சில எழுத்துகளில் மட்டும் கம்ப்ரஸர் துள்ளுகிறது

பேட்டியாளர் ட்ராக்கில் 'ப', 'பு' வரும் இடங்களில் முள் 8, 9 என்று குதிக்கும், காதுக்கு அவ்வளவு உரப்பாகத் தெரியாது. கார்டியாய்ட் போன்ற திசைசார் மைக்குக்கு அருகில் பேசினால் அடித்தொனி வீங்கும், மூச்சுக் காற்றும் மைக்கில் மோதும். கம்ப்ரஸர் பார்ப்பது அந்த அடி அதிர்வைத்தான். கம்ப்ரஸருக்கு முன்னால் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் ஃபில்டர் வைத்தால் அடங்கிவிடும். அப்படியும் பேட்டியாளர் குரல் கனமாகவே இருந்தால் 150 முதல் 200 ஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபல் குறையுங்கள். தள்ளி உட்கார்ந்தவரின் மெலிந்த குரலுக்குப் பக்கத்தில் அது ஒட்டும்.

அறிகுறி: விருந்தினர் உரக்கக் கேட்கிறார், ஆனால் கிணற்றடியிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது

முன்பே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அறை எதிரொலி இருவருக்கும் ஒரே அளவு, நேர் ஒலி மட்டும் விருந்தினருக்கு 12 டெசிபல் குறைவு. அப்படியென்றால் அவர் குரலில் நேர் ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள இடைவெளி பேட்டியாளரை விட 12 டெசிபல் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. கெயின் ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். உரப்பைச் சமன் செய்யலாம், தூரத்தைச் சமன் செய்ய முடியாது.

கம்ப்ரஸர் இதை இன்னும் மோசமாக்கும். சொல்லின் உரத்த பகுதியை அழுத்துகிறது, சொல் முடிந்து எதிரொலி வால் மட்டும் மிஞ்சும்போது கையை எடுத்துவிடுகிறது. வால் மேலே வருகிறது. ரிலீஸ் எவ்வளவு வேகமோ அவ்வளவு வால் கேட்கும். அதனால்தான் விருந்தினருக்கு 2:1-க்கு மேல் வேண்டாம் என்கிறேன். அவருடைய ரிலீஸை 250 முதல் 300 மில்லிசெகண்ட் வரை நீட்டுங்கள், அழுத்தம் எவ்வளவு வேகமாகத் தொடங்குவது என்று சொல்லும் அட்டாக்கை 15 மில்லிசெகண்ட் பக்கம் வையுங்கள், மெய்யெழுத்துகளின் கூர் கொஞ்சம் தப்பிக்கும். அவர் பேச்சு சில இடங்களில் மட்டும் தாழ்கிறது, நாற்காலியில் சாய்ந்த நேரம் போல, என்றால் அந்த இடங்களைக் கம்ப்ரஸரிடம் விடாமல் துண்டு கெயினால் கையாலேயே ஏற்றுங்கள்.

300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 2, 3 டெசிபல் குறைத்தால் டப்பாத்தனம் கொஞ்சம் விலகும். எதிரொலி நீக்கும் கருவிகளை மென்மையாக, ட்ராக் பிரித்த உடனேயே, கம்ப்ரஸருக்கு முன்னால் பயன்படுத்தலாம். அதோடு விருந்தினரை ஒன்றிரண்டு டெசிபல் தாழ்வாகவே விடுங்கள். தூரத்தில் இருப்பதாகக் கேட்கும் குரல் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் காது இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. சரிசமமாக ஏற்றினால்தான் எதிரொலி கண்ணுக்குத் தெரிவதுபோல முன்னால் வந்து நிற்கும். முழு 11-ஐயும் ஏற்றாமல் 9-இல் நிறுத்தியது இதற்காகத்தான்.

வெளியே அனுப்பும் முன்

இப்போது மொத்தக் கோப்பை அளக்கலாம். இருவரும் ஒரு டெசிபலுக்குள் வந்துவிட்டதால் LUFS எண் உண்மையைச் சொல்லும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது −16, ஓர் அலகு கூடக் குறைய இருக்கலாம், உச்சம் −1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒற்றைச் சேனல் கோப்பாகவே தருபவர்கள் −19-ஐக் குறி வைப்பது வழக்கம், இரு காதிலும் ஒலிக்கும்போது அது ஸ்டீரியோ −16-க்குச் சமமாக வரும். கெயினை ஏற்றி, கடைசியாக லிமிட்டரை −1-இல் வையுங்கள். அந்த லிமிட்டர் சிரிப்பிலும் கைதட்டலிலும் மட்டும் வேலை செய்ய வேண்டும். சாதாரணப் பேச்சிலேயே முள் அசைந்துகொண்டிருந்தால் ஏதோ ஒரு ட்ராக்கில் உச்சங்கள் இன்னும் அடங்கவில்லை, அந்த ட்ராக்கின் கம்ப்ரஸருக்குத் திரும்பிப் போங்கள்.

பிறகு வால்யூமை வழக்கத்தை விடக் குறைத்து, கைபேசியின் ஸ்பீக்கரிலேயே ஐந்து நிமிடம் கேளுங்கள். சன்ன ஒலியில் கேட்கும்போதுதான் யார் முதலில் காணாமல் போகிறார்கள் என்று தெரியும். விருந்தினர் போனால் அவர் ட்ராக்கில் ஒரு டெசிபல் கூட்டுங்கள். அவருடைய வாக்கியங்களின் கடைசிச் சொற்கள் மட்டும் போனால் கெயினைத் தொடாதீர்கள், அந்தச் சொற்களை மட்டும் வெட்டி 2 டெசிபல் ஏற்றுங்கள்.